கேள்வி கேட்டபின் மூன்று விநாடி: வாய் திறக்காத பிள்ளைகளிடமிருந்து பதில் பெறும் முறை

வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். அடுத்து யாராவது பேசும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி முடிந்து ஆசிரியர் மறுபடி வாய் திறக்கும்வரை கிடைத்த இடைவெளி சராசரியாக ஒரு விநாடி. பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் ஆசிரியர் பேசத் தொடங்க எடுத்துக்கொண்ட நேரம் அதையும்விடக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, 'தெரியாது' என்பதும் பதிலே வராமல் போவதும் குறைந்தன, பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்டார்கள். 'மெதுவாகக் கற்பவர்கள்' என்று ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். இதை அவர் 1974இல் விரிவாக வெளியிட்டார்.

அவர் கண்ட இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வகுப்பில் முதல் ஐந்து இடத்தில் இருப்பதாக ஆசிரியர் நினைக்கும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி கிடைத்தது. கடைசி ஐந்து இடத்தில் இருப்பதாக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை. நேரம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் நேரம் குறைவாகப் போகிறது. யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. 'பாவம், எல்லார் முன்னாடியும் முழிக்குதே' என்று இரக்கப்பட்டு அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறோம்.

டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, அறிவியல் பாடவேளை. இதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற பாடங்களுக்கும் முறை இதுதான், எடுத்துக்காட்டுகள் மட்டும் மாறும்.

முதலில் உங்கள் வகுப்பை நீங்களே கேளுங்கள்

கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு பாடவேளை போதும். வீட்டுக்குப் போய்க் கேட்கும்போது பாடத்தை விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் கவனியுங்கள். கேள்வியின் கடைசிச் சொல் முடிந்ததிலிருந்து அடுத்த குரல் வரும்வரை எத்தனை விநாடி? அந்த அடுத்த குரல் யாருடையது? பெரும்பாலும் அது உங்கள் குரலாகவே இருக்கும். கேள்வியைத் திரும்பக் கேட்டிருப்பீர்கள், அல்லது பாதிப் பதிலை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள்.

நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு பழக்கமும் அதில் அகப்படும். "தாவரம் பகல்ல எந்த வாயுவ வெளியிடுது? ஆக்ஸி…?" என்று ஆசிரியர் இழுக்க, வகுப்பே சேர்ந்து "ஜன்!" என்று முடிக்கும். கேட்பதற்கு உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோரஸில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. பேசாத பிள்ளை வாயை அசைத்துத் தப்பித்துக்கொள்ளும். ஒரு பாடவேளையில் இப்படி எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

காத்திருக்கத் தகுந்த கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கேள்விக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீரின் வாய்பாடு என்ன, ஏழெட்டு எவ்வளவு போன்றவை தெரிந்தால் உடனே வரும். தெரியாவிட்டால் பத்து விநாடி நின்றாலும் வராது. அங்கே காத்திருப்பது அந்தப் பிள்ளைக்குத் தண்டனைதான். காத்திருப்பு பலன் தருவது 'ஏன்', 'என்ன ஆகும்', 'எப்படித் தெரியும்' என்று யோசிக்க இடமுள்ள கேள்விகளில். ஒரு பாடவேளைக்கு அப்படி இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று போதும்.

அவற்றைப் பாடக்குறிப்பில் முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்துக் கேட்கும் கேள்வி பாதியில் உருமாறும்: "சுவாசித்தல்னா என்ன… அதாவது தாவரம் எப்படி… சரி, விதை சுவாசிக்குமா?" இங்கே மூன்று கேள்விகள் வந்துவிட்டன. முதல் கேள்வியை யோசிக்கத் தொடங்கிய பிள்ளை இரண்டாவதுக்குப் போகிறது, அதை முடிப்பதற்குள் மூன்றாவது வந்து விழுகிறது. வேகமான பிள்ளைகள் தாவிப் பிடித்துவிடுவார்கள், மெதுவாக யோசிக்கும் பிள்ளை அப்படியே விட்டுவிடும். கேள்வியை ஒருமுறை, ஒரே வடிவத்தில் கேளுங்கள். கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் அதே சொற்களில் திரும்பச் சொல்லுங்கள்.

கேள்வி பிள்ளைகளின் வீட்டையோ வயலையோ தொட்டால் இன்னும் நல்லது. புத்தகச் சொல் வராது என்ற பயத்திலேயே வாய் திறக்காத பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும், அதைச் சொல்லும் புத்தகத் தமிழ்தான் இருக்காது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

நம் வகுப்பறையில் ஆசிரியர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் அதற்கு ஒரே பொருள்தான்: கோபம் வந்துவிட்டது, யாருக்கோ திட்டு விழப்போகிறது. அதனால் எதுவும் சொல்லாமல் காத்திருக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள், பயப்படுவார்கள். பேசாத பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகம் பயப்படும்.

ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இனிமே சில கேள்வி கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அது நீங்க யோசிக்கிறதுக்கான நேரம். அதுவரைக்கும் யாரும் கத்தக் கூடாது, கையும் தூக்கக் கூடாது. நான் கைய இப்படி இறக்கினதும் தூக்கலாம்." உள்ளங்கையைக் காட்டி நிறுத்தி, பிறகு இறக்குவது நல்ல சைகை.

கையைக்கூடத் தூக்கவிடாமல் ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். முதல் வரிசையில் ஒரு கை எழுந்து "டீச்சர், டீச்சர், நானு!" என்றதும், மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. யாரோ சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தபின் எதற்கு யோசிப்பது? அந்த ஒரு கை மற்ற எல்லாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. முதல் ஒரு வாரம் முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வருத்தமாக இருக்கும். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முதல் காத்திருப்பு: கேள்விக்கும் பெயருக்கும் நடுவில்

வரிசை எப்போதும் இதுதான்: கேள்வி, காத்திருப்பு, பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற எல்லாரும் அந்த நிமிடமே தளர்ந்துவிடுவார்கள், கூப்பிடப்பட்ட பிள்ளையோ கேள்வி முடிவதற்குள் உறைந்துபோகும்.

மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். வகுப்பு முன்னால் நிற்கும்போது அது நீளமாகத் தோன்றும், அந்தத் தவிப்பைத் தாங்கப் பழகுவதுதான் இதில் உண்மையான வேலை. மூச்சை நிதானமாக உள்ளே இழுத்து வெளியே விடுங்கள், மூன்று நான்கு விநாடி ஓடியிருக்கும். ஐந்து விநாடி வரை தாராளமாகப் போகலாம். பத்தைத் தாண்ட வேண்டிய அளவுக்குக் கேள்வி கடினமென்றால் நின்றுகொண்டிருப்பதில் பயனில்லை. "நோட்டுல ஒரு வரி எழுதுங்க" என்று அரை நிமிடம் கொடுத்துவிடுங்கள். எழுதி வைத்ததை வாசிப்பது, யோசித்ததை எழுந்து சொல்வதைவிடப் பேசாத பிள்ளைக்கு எளிது.

அந்த விநாடிகளில் ஆசிரியர் செய்யக்கூடாதவை சில உண்டு. "ம்ம்… சொல்லுங்க… யோசிங்க…" என்று இட்டு நிரப்பக் கூடாது, யோசிக்கும் பிள்ளையின் காதில் அது இரைச்சல். "ஈஸிதான், சின்னக் கேள்விதான்" என்று சொல்லவே கூடாது. தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் சின்னக் கேள்விக்கே தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டு வாயை மூடிக்கொள்ளும். ஒரே பிள்ளையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதும் கூடாது. பார்வை வகுப்பு முழுவதும் மெதுவாகச் சுற்றி வரட்டும். முகம் சாதாரணமாக இருக்கட்டும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். குரல் சன்னமாக இருக்கிற பிள்ளையின் அருகில் போய் நின்றால் அது உங்கள் காதுக்கு மட்டும் எட்டும்படி முணுமுணுக்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே குரல் தானாகக் கொஞ்சம் உயரும்.

பெயர் சொன்னபின் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு காத்திருப்பு

பெயர் சொன்னதும் எழுந்து நிற்கும். உடனே பதில் வராது. மறுபடி மூன்று நான்கு விநாடி கொடுங்கள். பக்கத்துப் பிள்ளை காதில் ஓதினால் கையைக் காட்டி நிறுத்துங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் "யாராவது சொல்லுங்கப்பா" என்று அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். "சரிம்மா, உக்காரு, யோசிச்சு வை, ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டு உன்கிட்ட வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பி வர வேண்டும். ஒருமுறை வராமல் விட்டாலும், பேசாமல் இருந்தால் ஆசிரியர் விட்டுவிடுவார் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். திரும்பி வரும்போது, "அவங்க ரெண்டு பேர் சொன்னதுல உனக்கு எது சரின்னு படுது?" என்று கேட்கலாம். வெறுமையிலிருந்து தொடங்குவதைவிட இது அதற்கு எளிது.

இரண்டாவது காத்திருப்பு: பதிலுக்குப் பின்

எல்லாரும் முதல் காத்திருப்பைத்தான் பேசுவார்கள். பேசாத பிள்ளைக்கு அதிக வேலை செய்வது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. பிள்ளைகளின் விளக்கம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. ஒரு துண்டு வரும், நிற்கும், சில விநாடி கழித்து அடுத்த துண்டு வரும். ரோவும் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதல் துண்டு விழுந்ததும் நாம் பேசிவிட்டால், அடுத்த துண்டு வெளியே வராமலே போய்விடும். தயங்கிப் பேசும் பிள்ளையின் முதல் துண்டு பெரும்பாலும் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுபோலவே இருக்கும்.

ஒரு கேள்வியை எடுத்து நடத்திப் பார்ப்போம். ஜூன் மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்து, ஊரில் குறுவைக்கு விதை நெல் ஊறப்போடும் நேரம். பாடம் சுவாசித்தல். ஆசிரியரின் கேள்வி இது: "விதை நெல்லை ஒரு நாள் தண்ணில ஊறப்போடுறோம். அப்புறம் தண்ணிய வடிச்சுட்டுச் சாக்குல கட்டி மூட்டம் போடுறோம். வடிக்காம தண்ணியிலேயே இன்னும் ரெண்டு நாள் விட்டா என்ன ஆகும்? ஏன்?"

ஒரு விநாடி ஆகவில்லை, முன்வரிசைப் பையன், "அழுகிடும் டீச்சர்!" என்கிறான். ஆசிரியர் உள்ளங்கையைக் காட்டுகிறார், சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஐந்து விநாடி போகிறது. கையை இறக்குகிறார். நாலைந்து கைகள் எழுகின்றன. கை தூக்காத, மூன்றாம் வரிசையில் இருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். மூன்று விநாடி மௌனம்.

"சாக்கு சூடா இருக்கும் டீச்சர்."

வழக்கமான வேகத்தில் ஓடும் வகுப்பு இந்த இடத்தில் அவளை இழந்துவிடும். "நான் சாக்கையா கேட்டேன்? தண்ணில விட்டா என்ன ஆகும்னு கேட்டேன்" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவோம். இந்த ஆசிரியர் தலையை லேசாக அசைத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் நிற்கிறார். நான்கு விநாடி.

"அப்பா உள்ள கைய விட்டுப் பார்ப்பாங்க. ரொம்பச் சுட்டா தண்ணி தெளிச்சுப் பிரட்டி விடுவாங்க. இல்லன்னா முளை வெந்துடும்னு சொல்வாங்க."

மறுபடி மௌனம். கூப்பிடாமலே கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்ப நெல்லு மூச்சு விடுதா டீச்சர்?" என்கிறான். ஆசிரியர் பதில் சொல்லாமல் கேள்வியை வகுப்புக்கே திருப்பிவிட்டுக் காத்திருக்கிறார். மூட்டத்துக்குள் சூடு எங்கிருந்து வருகிறது, பிரட்டிவிட்டால் ஏன் குறைகிறது, தண்ணீருக்குள் காற்று எவ்வளவு கிடைக்கும் என்று பேச்சு போகிறது. முளைக்கும் விதை வேகமாகச் சுவாசிக்கிறது, அந்தச் சூடுதான் சாக்கில் தெரிகிறது. தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் போதாது, விதை புளித்து நாறும், முளை வந்தாலும் வேர் சரியாக இறங்காது. இவ்வளவும் அந்தப் பெண் சொன்ன சூடான சாக்கிலிருந்து வந்தது. முன்வரிசைப் பையனின் 'அழுகிடும்' சரியான பதில்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாடம் அங்கேயே நின்றிருக்கும்.

கடைசியில் அந்த முன்வரிசைப் பையன் கேட்கிறான்: "அப்ப வயல்ல தண்ணி நிக்கறப்ப மட்டும் நாத்து ஏன் அழுகல?" இலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது, நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிப் போக வழி இருக்கிறது என்பது இதற்கான பதில். மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தால் அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முளையோடு கொஞ்சம் விதை நெல்லும், வேரோடு ஒரு நாற்றும் கொண்டுவரச் சொல்லலாம்.

இரண்டாவது காத்திருப்பைக் கெடுக்கும் பழக்கங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளை சொன்னதை அப்படியே திரும்பச் சொல்வது: "ஆமா, சாக்கு சூடா இருக்கும்." எல்லாருக்கும் கேட்கட்டும் என்று செய்கிறோம். விளைவு என்னவென்றால், பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதை விட்டுவிடுகிறார்கள், எப்படியும் டீச்சர் திரும்பச் சொல்வார் என்று. கேட்கவில்லையென்றால் "கடைசி வரிசைக்கும் கேக்கிற மாதிரி இன்னொரு தடவ சொல்லும்மா" என்று சொன்னவரையே சொல்ல வையுங்கள்.

இன்னொன்று 'வெரி குட்'. அது பாராட்டுத்தான், ஆனால் பேச்சுக்கு முற்றுப்புள்ளியும் அதுவே. சரியான பதில் வந்துவிட்டது என்று அறிவித்தபின் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை வாய் திறக்காது. பாராட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் எதற்கென்று சொல்லிப் பாராட்டுங்கள்: "வீட்டுல பார்த்தத நீ சொன்னதாலதான் சூடு எங்கேருந்து வருதுன்னு நாம கண்டுபிடிச்சோம்."

எங்கே சறுக்கும்

முதல் சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். காத்திருப்பீர்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், பதில் வராது. இது இயல்புதான். நம்மிடம் காத்திருக்கும் பழக்கம் புதிது என்றால், காத்திருக்கப்படுவதும் அவர்களுக்குப் புதிது. சிரிப்பு நின்று முகங்கள் மேலே, ஓரமாக, ஜன்னலுக்கு வெளியே என்று போக ஆரம்பித்தால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் எடுத்துக்கொடுப்பதற்காக இன்னும் காத்திருக்கிறார்கள்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கி, பாடம் முடியவில்லை என்ற பதற்றம் வந்ததும் பழைய வேகம் தானாகத் திரும்பிவிடும். அந்த நாட்களில் மூன்று கேள்வி முடியாவிட்டால் ஒரே ஒரு கேள்விக்காவது முழுசாகக் காத்திருங்கள். அதையும் விட்டுவிட்டால் தேர்வு முடிந்தபின் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

காத்திருப்பு எல்லா மௌனத்துக்கும் மருந்தாகாது. எத்தனை வாரம் ஆனாலும் ஒரு பிள்ளை பேசவில்லை, ஆனால் நோட்டில் சரியாக எழுதுகிறது என்றால் பிரச்சினை நேரத்தில் இல்லை, கூட்டத்தின் முன் பேசுவதில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லச் சொல்லி, பிறகு வகுப்புக்குச் சொல்ல வையுங்கள். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, அடிக்கடி பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதச் சொன்னாலும் வெறுந்தாளாக வருகிற பிள்ளைக்குப் போன வருடப் பாடத்திலேயே எங்கோ விட்டுப்போயிருக்கும். அதற்கு மாலையில் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுதான் வழி.

மறுபடி ஒலிப்பதிவு

ஒரு மாதம் கழித்து இன்னொரு பாடவேளையைப் பதிவு செய்து கேளுங்கள். விநாடிகளை அளப்பதோடு நிறுத்த வேண்டாம், வருகைப் பதிவேட்டின் பெயர்ப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யார் குரல் கேட்கிறதோ அவர்கள் பெயருக்கு நேரே புள்ளி வையுங்கள். ஒரே பிள்ளைக்கு ஆறு புள்ளி விழுந்திருக்கும், பலருக்கு ஒன்றுமே இருக்காது. புள்ளியே விழாத பெயர்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரப் பாடக்குறிப்பில் காத்திருப்புக் கேள்விகளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் காலையிலேயே, வழிபாட்டுக்கு முன்னால், கேள்வியைச் சொல்லிவிடலாம்: "இன்னிக்கு மூணாவது பீரியட்ல இத உன்கிட்ட கேப்பேன், யோசிச்சு வை." அவர்களுக்குக் காலை முழுவதும் யோசிக்க நேரம் கிடைத்துவிடும், வகுப்பில் நீங்கள் கொடுக்க வேண்டியது அந்த மூன்று விநாடி மட்டும்தான்.